பயிற்சி ஒலிப்பதிவிலிருந்து வகுப்பறை உத்திகள்: சுருக்கி எழுதும் முறை

சனிக்கிழமை வட்டார வள மையத்தில் ஒரு கணக்குப் பயிற்சி. இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது. பொருள், இனமாற்றக் கழித்தல், அதாவது கடன் வாங்கிக் கழித்தல். பாதிப் பேர் வரவில்லை. யாரோ ஒருவர் கைப்பேசியை மேசைமேல் வைத்து முழுவதையும் பதிவு செய்திருந்தார். மொத்தம் 2 மணி 40 நிமிடம். முடிந்ததும் கருத்தாளர் என்னிடம், "வராதவங்களுக்குச் சுருக்கமா எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பேச்சு போன வரிசையிலேயே ஏழு பக்கம் எழுதினேன். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சார், திங்கக்கிழமை வகுப்புல நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார். அந்த ஏழு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. திரும்ப உட்கார்ந்து எழுதியபோது இரண்டு பக்கத்தில் ஆறு உத்திகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. அந்த இரண்டாவது முறை எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேட்பதற்கு முன்னால்

ஒலிப்பதிவில் கரும்பலகை தெரியாது. "இப்ப இதைப் பாருங்க, இது இங்க வருது" என்று கருத்தாளர் சொல்லும் இடத்தில் நமக்கு ஒன்றும் புரியாது. அதனால் முதல் வேலை, வந்திருந்தவர்களிடம் புகைப்படம் கேட்பது. கரும்பலகை, சார்ட், மேசைமேல் கிடந்த பொருள்கள், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே கேட்டால் கிடைக்கும். ஒரு வாரம் போனால் எல்லோரும் அழித்திருப்பார்கள். பயிற்சியில் கொடுத்த தாள் இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பதிவில் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேசியிருப்பார்கள், தலைமையாசிரியரைப் பற்றிப் புலம்பியிருப்பார்கள். அவை எதுவும் உங்கள் தாளுக்கு வரக் கூடாது. கருத்தாளரிடமும் ஒரு வார்த்தை, "உங்க பேச்சை எழுதி எல்லாருக்கும் அனுப்பப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

முதல் கேட்பு: நேரம் மட்டும் குறிப்பது

முழுப் பேச்சையும் எழுத்தாக்க உட்காராதீர்கள். நான் முயன்று பார்த்தேன். பத்து நிமிடப் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. எழுதியதில் பெரும்பகுதி "ஆமா, ஆமா, டீ வந்துடுச்சா?" ரகம்.

கணினியில் VLC இருந்தால் வசதி. `]` விசையை அழுத்தினால் வேகம் கொஞ்சம் கூடும், `[` அழுத்தினால் குறையும். `Alt` உடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் பத்து நொடி பின்னால் போகும். கால் பங்கு வேகம் கூட்டிக் கேட்டாலும் தமிழ்ப் பேச்சு தெளிவாகவே விளங்குகிறது. ஒரு நோட்டில் நேரமும் ஒரு எழுத்தும் நாலைந்து சொல்லும் போதும். நான் வைத்துக்கொண்ட எழுத்துகள் நான்கு: அறிவுரை என்றால் அ, செய்து காட்டினால் செ, கதை சொன்னால் க, யாராவது கேள்வி கேட்டால் கே. நோட்டு இப்படி இருந்தது:

0:11 – அ – யோசிக்க நேரம் கொடுங்க
0:14 – செ – கேட்டுட்டு விரல் மடக்குறார், பெயர் கடைசியில
0:38 – க – அவர் பள்ளி, 52 − 37
0:52 – செ – குச்சிக் கட்டு (ஒரே சத்தம், 20 நிமிடம்)
1:47 – கே – "நாப்பது பேருக்குக் குச்சிக்கு எங்க போறது?"

இப்படி 31 குறிகள் விழுந்தன. அதில் அ மட்டும் 17. பெரும்பாலான பயிற்சிகளில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அறிவுரைதான் அதிகம். உத்தி ஒளிந்திருப்பது மற்ற மூன்றில்.

எது உத்தி, எது வெறும் பேச்சு

"குழந்தைகளுக்கு யோசிக்க நேரம் கொடுங்கள்" என்பது உத்தி இல்லை. யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். எப்போது, எவ்வளவு, எப்படி என்று அதில் இல்லையே. ஆனால் அதே கருத்தாளர் மூன்று நிமிடம் கழித்து ஒன்று செய்து காட்டினார். கேள்வியைக் கேட்டார். மேசைக்குக் கீழே மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். அதற்கு அப்புறம்தான் ஒருவருடைய பெயரைச் சொன்னார். அது உத்தி.

ஒரு குறியை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பாடத்தின் எந்த இடத்தில் இதைச் செய்வது? ஆசிரியர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எது? செய்தது சரியாக நடந்ததா என்பதைப் பிள்ளையிடம் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? மூன்றுக்கும் பதில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அடித்துவிடலாம். மூன்றாவது மட்டும் இல்லையென்றால் பதிவை அந்த இடத்தில் இன்னொரு முறை கேளுங்கள். கருத்தாளர் போகிற போக்கில் சொல்லியிருப்பார்.

கதைகளை அவசரப்பட்டு அடித்துவிடக் கூடாது. 0:38-இல் கருத்தாளர் தன் பள்ளியில் நடந்ததைச் சொன்னார். ஒரு பையன் 52 − 37-க்கு 25 என்று எழுதியிருக்கிறான். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5, 5-இலிருந்து 3 போக 2. எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது; எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் செய்வார்கள். அவர் அவனைத் திருத்தவில்லை. 25-ஐ அப்படியே கரும்பலகையில் எழுதி, "இந்த விடை எப்படி வந்திருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டாராம். யார் எழுதியது என்று சொல்லவில்லை. கேட்கும்போது எனக்கு அது சிரிப்புக் கதையாகத்தான் பட்டது. நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எந்த இடம், என்ன வாக்கியம், எதைப் பார்ப்பது, மூன்றும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. 'தவறு எப்படி வந்தது' என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

சத்தத்துக்குள் இருக்கும் இருபது நிமிடம்

குழு வேலை நடக்கும்போது பதிவில் கேட்பது இரைச்சல்தான். புதிதாகச் சுருக்குபவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் பயிற்சியின் உயிர் அங்கேதான் இருந்தது; பேச்செல்லாம் அதற்கு முன்னுரை.

இதற்கு ஒரே வழி, வந்தவர்களில் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேசுவது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார்கள். "உங்க கையில என்ன கொடுத்தாங்க? முதல்ல என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கேட்க வேண்டும். இருவரும் சொல்வது ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கருத்தாளரைக் கேளுங்கள். என் விஷயத்தில் ஒருவர் கட்டுக்கு பத்துக் குச்சி என்றார், மற்றவர் உதிரிக் குச்சியும் இருந்தது என்றார். புகைப்படத்தைப் பார்த்ததும் இரண்டும் சரி என்று தெரிந்தது: குழுவுக்குப் பத்துப் பத்தாக நான்கு கட்டு, உதிரியாக மூன்று.

இந்தப் பகுதியில் இன்னொரு பொறி உண்டு. பயிற்சியில் 'பிள்ளைகளாக' உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர்கள். ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதே வேலை பாதிப் பாடவேளையைத் தின்றுவிடும். பதிவில் ஓடிய நேரத்தை அப்படியே உங்கள் தாளில் எழுதிவிடாதீர்கள்.

ஓர் உத்தியை எழுதும் விதம்

பெயர், எப்போது, செய்வது, எடுத்துக்காட்டு, கவனிக்க, பதிவில் எந்த நேரம். இந்த ஆறு வரிதான். பெயரைச் செயலாக வையுங்கள். 'பொருள்வழிக் கற்பித்தல்' என்று வைத்தால் எந்தப் பயிற்சித் தாளிலும் இருக்கும் தலைப்பாகிவிடும். 'கட்டை அவிழ்' என்றால் பார்த்தவுடன் கை எதைச் செய்ய வேண்டும் என்று தெரிகிறது. நான் கடைசியில் எழுதியது இது:

கட்டை அவிழ்

*எப்போது:* இனமாற்றக் கழித்தலை எண்களில் எழுதத் தொடங்குவதற்கு முந்தைய வகுப்பில்.

*செய்வது:* நால்வருக்கு ஒரு தொகுதிக் குச்சி. ஒருவர் குச்சியைப் பிடிக்க, ஒருவர் அவிழ்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் சிலேட்டில் எழுத. உதிரி போதவில்லை என்று பிள்ளைகளே சொல்லும்வரை ஆசிரியர் கட்டைத் தொடுவதில்லை.

*எடுத்துக்காட்டு:* "43 குச்சி இருக்கு. 18 எனக்கு வேணும், குடுங்க." பிள்ளைகள் ஒரு கட்டை நீட்டுகிறார்கள். "இன்னும் எட்டு?" மூன்றுதான் உதிரி இருக்கிறது. "டீச்சர், ஒரு கட்டைப் பிரிக்கட்டுமா?" பிரித்ததும் உதிரி 13, எட்டைக் கொடுத்தால் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி.

*கவனிக்க:* 'கடன் வாங்கு' என்ற சொல்லை இங்கே தவிர்க்கவும்; யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. 'பிரி', 'மாற்று' போதும்.

*பதிவில்:* 0:52, 1:47.

இதில் நால்வர் குழு என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குச்சிச் செயல்பாடு நடந்தது 0:52-இல். நாற்பது பேருக்கு எங்கே போவது என்று ஒரு டீச்சர் கேட்டது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, 1:47-இல். அதற்குப் பதிலாகத்தான் கருத்தாளர் நால்வர் பங்கீட்டைச் சொன்னார். பேச்சு வரிசையில் எழுதியிருந்தால் அது கடைசிப் பக்கத்தில் 'கேள்வி-பதில்' என்று கிடந்திருக்கும். வகுப்பில் அது முதல் வேலை. அதனால் கே குறிகளைத் தனியாக எழுதாதீர்கள். எந்த உத்தியைப் பற்றிய கேள்வியோ அதற்குள்ளேயே பதிலைக் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆறு உத்திகளையும்கூடப் பேசிய வரிசையில் வைக்காமல், ஒரு பாடவேளையில் எது முதலில் வருமோ அந்த வரிசையில் வைத்தேன்.

எடுத்துக்காட்டுதான் கஷ்டம்

ஓர் உத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு, மூன்று நான்கு வாக்கியம். அதற்குள் ஆசிரியர் சொல்லும் சொல் ஒன்றாவது, பிள்ளை சொல்வதோ செய்வதோ ஒன்றாவது இருக்க வேண்டும். "ஆசிரியர் குச்சிகளைப் பயன்படுத்திக் கழித்தலை விளக்கலாம்" என்று எழுதினால், அது உத்தியை வேறு சொற்களில் திரும்பச் சொன்னது, எடுத்துக்காட்டு ஆகாது. இரண்டு எடுத்துக்காட்டும் வேண்டாம். இரண்டு கொடுத்தால் படிப்பவர் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் வழுக்கினேன். முதல் வரைவில் 43 − 18 நினைவில் இல்லாமல் 48 − 13 என்று எழுதியிருந்தேன். 8-இலிருந்து 3 சுலபமாகப் போகும்; கட்டை அவிழ்க்க வேண்டிய தேவையே வராது. உத்தி இல்லாமலும் விடை வந்துவிடும் என்றால் அந்த எடுத்துக்காட்டு செத்தது. ஒவ்வொன்றையும் எழுதியபின், "இந்த உத்தியைச் செய்யாவிட்டால் இந்த இடத்தில் ஏதாவது கெடுமா?" என்று பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பாடம் என்றாலும் இதே சோதனைதான். ண, ன வேறுபாட்டுக்கான உத்திக்கு 'மரம்' என்ற சொல்லை எடுத்துக்காட்டாகப் போட்டால் பயனில்லை. 'பணி', 'பனி' வேண்டும்.

எடுத்துக்காட்டு முடிந்தவரை பயிற்சியில் நடந்ததாகவே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் நீங்களே எழுதலாம், ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே 'இது எழுதியவர் சேர்த்தது' என்று குறித்துவிடுங்கள். என் ஆறில் ஒன்று அப்படி வந்தது, அந்த விரல் மடக்கும் உத்திக்கு. கருத்தாளர் அதை ஆசிரியர்களிடம்தான் செய்து காட்டினார். அவர் கேட்ட கேள்வியும் பயிற்சியைப் பற்றியதுதான். நான் எழுதியது: "பையில 14 புளியங்கொட்டை. 6 எடுத்துட்டேன். மிச்சம் எத்தனை?" ஆசிரியர் யாரையும் பார்க்காமல் மூன்று விரல் மடக்குகிறார். "செல்வி." பெயர் முதலில் வந்திருந்தால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை அப்போதே நிறுத்தியிருப்பார்கள்.

'ஆய்வு சொல்கிறது' என்று வந்தால்

அன்றைய பேச்சில் இப்படி இரண்டு வந்தன. ஒன்று, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தால் பதில் நீளமாகிறது என்பது. இது உண்மையான ஆய்வு. அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்பவர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் வெளியிட்டது. மூன்று விரல் ஏன் என்பதற்கு அதுதான் காரணம் என்பதால் ஒரு வரி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, படித்தால் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று போகும் அந்தப் பிரமிடு. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இது திரையில் வந்துவிடுகிறது. எட்கர் டேல் என்பவரின் பெயரைப் போடுவார்கள். அவர் 1946-இல் வெளியிட்ட கூம்பு வடிவப் படத்தில் சதவீதம் எதுவும் கிடையாது. எண்கள் பிற்பாடு யாரோ ஒட்டியவை. அதை விட்டுவிட்டேன். விட்டதால் ஒரு உத்திகூடக் குறையவில்லை. பொதுவாக, எண் சொல்லும் வரியைச் சரிபார்க்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். அதைத் தாங்கி நிற்கும் உத்தி எதுவும் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

சரிபார்ப்பு

பயிற்சிக்கு வராத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். "புரியுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரியுது என்பார்கள். ஓர் உத்தியைக் காட்டி, "நான் பிள்ளை, நீங்க டீச்சர், செய்ங்க பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. என்னிடம் செய்து பார்த்த டீச்சர் பிள்ளைகள் கேட்பதற்கு முன்னாலேயே கட்டை அவிழ்த்துவிட்டார். தவறு அவருடையது இல்லை, அந்த வரைவில் நான் அப்படிச் சொல்லவே இல்லை. 'பிள்ளைகளே சொல்லும்வரை ஆசிரியர் கட்டைத் தொடுவதில்லை' என்ற வரி அப்புறம்தான் வந்தது. இப்போது பார்த்தால் அந்த உத்தியே அந்த வரிதான்.

அதன்பின் கருத்தாளருக்கு அனுப்பி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் பத்து அறிவுரையைச் சேர்க்கச் சொல்வார். அவர் சொல்லாததை அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மற்றதற்கு, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

ஏ4 தாளில் முன்னும் பின்னும், பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரக் குறிப்பு இருந்ததால், விருப்பப்பட்டவர்கள் பதிவில் அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். 2 மணி 40 நிமிடத்தையும் யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். பத்து நாள் கழித்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். "சார், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினா, அவுத்த உடனே பசங்க அதைக் கையில மாட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. வாழைநார்ல கட்டினேன், நல்லா இருக்கு" என்றார். 'கவனிக்க' வரியில் அதையும் சேர்த்து, நட்சத்திரம் போட்டு, மறுபடி அனுப்பினேன்.